ஆறாம் கட்டிலில் யாரும் பார்க்காத நேரம்

கொன்றுவிட்டாள், கொன்றுவிட்டாள் என்று வாய்க்கு வந்ததைப் பேசாதீர்கள். அந்த மனிதர் சாகவில்லை. இன்றைக்கும் கடைத்தெரு மூலையில் உட்கார்ந்து பூட்டு ரிப்பேர் பார்க்கிறார். நம்பாதவர்கள் வீட்டுப் பூட்டைக் கெடுத்து எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இஸ்திரிக் கடைக்காரியின் வாயில் காலையில் ஓர் ஆள்தான் செத்தார். மதியத்துக்குள் இரண்டானது. சாயந்தரம் தண்ணீர்க் குழாயடிக்கு வருவதற்குள் மூன்று. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் ஆஸ்பத்திரியையே காலி செய்திருப்பாள்.

"போலீஸ் வந்து இழுத்துக்கிட்டுப் போச்சாமே?"

"வேலையை விட்டுத் துரத்திட்டாங்களாமே?"

போலீஸும் வரவில்லை, யாரும் துரத்தவும் இல்லை. நர்ஸக்கா தன் காலால் நடந்து வெளியே வந்தாள். தப்பே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. நடந்தது. அதை முதல் ஆளாக வாயைத் திறந்து சொன்னதும் அவள்தான். மிச்சத்தையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

இந்த இஸ்திரிக் கடைக்காரியே தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் யார் வீட்டுக் கதவைத் தட்டினாள்? நர்ஸக்கா அவள் பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போது, "எப்ப போடுவீங்க?" என்று கேட்டானே அந்தப் பயல், அப்படிப்பட்ட கை அது. நகம் ஒட்ட வெட்டியிருக்கும். வேலை முடிந்து வந்தால் கையைக் கழுவாமல் வீட்டில் ஒரு டம்ளரைத் தொடமாட்டாள். நடந்தால் சத்தம் வராது. அவள் புருஷன், தெருக்கோடியில் தையல் கடை வைத்திருப்பவர், "இவ வீட்டுக்குள்ள வந்தது எனக்கே தெரியாது, பின்னாடி நின்னு தும்முவா, நான் ஊசியை விரல்ல ஏத்திக்குவேன்" என்பார். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் ஊசிதான் பிழைப்பு, ஆனால் குத்து வாங்குவது நான் மட்டும்தான் என்று அதற்கு மேலும் ஒன்று சொல்லுவார்.

அப்படி இருந்தவளுக்கு அந்தச் சாயந்தரம் வந்தது.

அன்றைக்கு ஆண்கள் வார்டில் வழக்கமாக இருக்கும் சிஸ்டருக்கு விடுப்பு. இவளை வேறு மாடியிலிருந்து அனுப்பினார்கள். இருபத்திரண்டு கட்டில், ஒரு நர்ஸ், ஓர் ஆயா. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளிக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். "நாலுக்கு டிரிப் முடிஞ்சுது", "பதினொண்ணு சாப்பிடலை" என்றுதான் பேச்சு. ஆளுக்கொன்றாக ஊசி வைக்கும் எஃகுத் தட்டிலும் கட்டில் நம்பர்தான் ஒட்டியிருக்கும். மணிக்கட்டில் கட்டும் பேர்ப்பட்டை ஆபரேஷன் ஆட்களுக்கு மட்டும். வார்டில் படுத்திருப்பவர்களுக்கு அது தேவையில்லை என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருந்தார்கள்.

ஆறாம் கட்டில் கழிவறைக்குப் பக்கத்துக் கட்டில். அதில் இருந்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர், சர்க்கரைக்காரர். சாயந்தரச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் அவருக்கு. ஒன்பதாம் கட்டிலில் பூட்டுக்காரர். காலில் புண், சீழ் பிடித்துப் படுத்திருந்தார். நொண்டி நொண்டி அவ்வளவு தூரம் கழிவறைக்குப் போகிறாரே என்று ஓட்டுநருக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க இங்க வாங்க பெரியவரே, நான் அங்க போறேன். எனக்கென்ன, ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு" என்றார். ஆயா இரண்டு பேரையும் மாற்றிப் படுக்க வைத்தாள். விரிப்பை மாற்றினாள். கட்டில் காலில் தொங்கும் நோயாளிக் கோப்புகளைக்கூட மறக்காமல் அவரவரோடு கொண்டுபோய் மாட்டினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். ஓட்டுநரின் ஊசித் தட்டு மட்டும் பழைய ஆறாம் நம்பரோடு மேசைமேல் இருந்தது.

ஆறரை மணிக்கு நர்ஸக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு ஆறாம் கட்டிலுக்குப் போனாள். "ஆறு, கையைக் கொடுங்க" என்றாள்.

பூட்டுக்காரர் கையைக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, "எனக்கு ஊசி ராத்திரிதானே போடுவாங்க?" என்று கேட்டார்.

"இது சாப்பாட்டுக்கு முன்னாடி போடறது ஐயா."

அவ்வளவுதான் பேச்சு. பதினாலு யூனிட். சர்க்கரை வியாதியே இல்லாத உடம்பில் போயிற்று. பிறகு கடைசிக் கட்டிலில் மூச்சுத்திணறலோடு ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். அவள் அங்கே ஓடிவிட்டாள். சாப்பாடு வந்தது. பூட்டுக்காரர் வாய் கசக்கிறது என்று இரண்டு வாயோடு நிறுத்திவிட்டார்.

ஏழே முக்காலுக்குச் சாப்பாட்டுத் தட்டு எடுக்கப் போன ஆயாதான் வந்து அவள் தோளைத் தொட்டாள். "அக்கா, ஆறாம் நம்பர் ஒரு மாதிரி பேசுறாரு. வந்து பாருங்க."

போய்ப் பார்த்தாள். சட்டை ஆற்றில் முக்கி எடுத்தது போல நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. வாசல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு, "யாரும் வரல... யாரும் வரல..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோப்பைப் புரட்டினாள். காலில் புண் என்று இருந்தது. சர்க்கரை என்று எங்கேயும் இல்லை. ஓட்டுநருடைய ஊசி இவருக்குப் போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் கை நிற்கவில்லை. விரலில் குத்தி ரத்தம் பார்த்தாள். சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. ஆயாவிடம் டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். டாக்டர் ஓடி வந்ததும் மறைக்காமல் ஒரே மூச்சில் சொன்னாள்: "ஓட்டுநருக்கான இன்சுலினை இவருக்குப் போட்டுட்டேன் டாக்டர், ஆறரைக்கு, பதினாலு யூனிட்." கையில் ஏற்கெனவே இருந்த ஊசிக்குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் பூட்டுக்காரர் கண்ணைச் சிமிட்டி, "ஏன் எல்லாரும் என்னைச் சுத்தி நிக்கிறீங்க, நான் என்ன பொம்மையா?" என்றார். டிரிப்பை நிறுத்தாமல், மணிக்கொரு தரம் சர்க்கரை பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். ஊசி கிடைக்காத ஓட்டுநருக்கு அதற்குள் சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. அவருக்கும் பார்த்து, டாக்டர் சொன்ன அளவைக் கொடுத்தார்கள்.

பூட்டுக்காரரின் மகளிடம் டாக்டர் நடந்ததைச் சொன்னார். நர்ஸக்கா பக்கத்திலேயே நின்றாள். போய் ஒளிந்துகொள்ளவில்லை. அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீங்க பேரைக் கேக்கவே மாட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கே, மறந்துபோவதற்குள் என்று, நர்ஸக்கா கிழிந்த கையுறைப் பெட்டியின் அட்டையில் எல்லாவற்றையும் கிறுக்கி வைத்தாள். நேரமும் மருந்தின் அளவும் இருந்தன. நடுநடுவே "நான் பாவி" என்று இருந்தது. "ஆயா சொல்லவே இல்லை" என்று இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தது.

மறுநாள் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் தரப்பிரிவுக்குப் போனாள். மருந்து மாறிப் போனால் அங்கேதான் சம்பவ அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே இருந்த மேடமும் ஒரு காலத்தில் வார்டில் நடந்து தேய்ந்தவள்தான். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருப்பாள். அட்டையை வாங்கி முதல் வரியைப் படித்தாள்.

"'என் கவனக்குறைவால்'னு ஆரம்பிச்சிருக்கே. அதை நீ பார்த்தியா?"

"எதை மேடம்?"

"கவனக்குறைவை. கறுப்பா இருந்துச்சா, சிவப்பா இருந்துச்சா? எந்தக் கட்டில்கிட்ட நின்னுச்சு?"

நர்ஸக்கா அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"அது நடந்தது இல்லம்மா. அது தீர்ப்பு. நீ என்ன செஞ்சே, என்ன செய்யலை, அதை எழுது."

எழுதினாள்: 'ஊசி போடும் முன் நோயாளியின் பெயர் கேட்கப்படவில்லை. கட்டில் எண் மட்டும் பார்க்கப்பட்டது. நோயாளி, தனக்கு இரவில்தானே ஊசி என்று கேட்டார். சாப்பாட்டுக்கு முன் போடுவது என்று பதில் சொல்லப்பட்டது. கோப்பு பார்க்கப்படவில்லை.'

எழுதிவிட்டுப் பேனாவை வைத்தாள். "இது நான் நைஸா நழுவுற மாதிரி இருக்கு மேடம். என்னைத் திட்டி நாலு வார்த்தை இருந்தாத்தான் எனக்கு மனசு ஆறும்."

"உன் மனசு ஆற இது மருந்து இல்லை. நாளைக்கு வேற ஒருத்தி அதே குழியில விழாம இருக்க இது. நழுவுறதுங்கிறியே, எழுதினதை இன்னொரு வாட்டி படி. ஒளிஞ்சுக்க எங்கயாவது இடம் இருக்கா?"

படித்தாள். இல்லைதான். திட்டு என்றால் வாங்கிக்கொண்டு போய்விடலாம். இந்த வரிகள் அப்படியே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மேடம் அட்டையில் அடிக்கோடு போட்ட இடத்துக்கு வந்தாள். "ஆயா சொல்லவே இல்லைன்னு இருக்கு. சொல்லலைன்னு எப்படித் தெரியும்?"

"சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"ஆயா கட்டிலை மாத்தினப்ப நீ எங்க இருந்தே?"

"மேசைகிட்ட. லேப்லருந்து போன். ரத்த ரிசல்ட் சொல்லிக்கிட்டிருந்தாங்க, எழுதிக்கிட்டிருந்தேன்."

"அப்ப யாராவது பக்கத்துல வந்தாங்களா?"

நர்ஸக்காவுக்கு அந்த மேசை கண்ணில் வந்தது. போன் தோளுக்கும் காதுக்கும் நடுவே. பென்சில் நுனி உடைந்திருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் துடைப்பத்தோடு ஆயா நிற்கிறாள். அவள் உதடு அசைகிறது. அக்கா, ஆறையும் ஒம்பதையும் மாத்திட்டேன். இவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால்—

"தலையாட்டினேன் மேடம்." குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அவ சொன்னா. நான் தலையாட்டினேன்."

"இது ஞாபகமா, நினைப்பா? அவளைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றதா இருந்தா அதையும் எழுத முடியாது."

"என் கழுத்து ஞாபகம் வச்சிருக்கு."

அந்த ஆயா யாரென்று சொல்ல வேண்டும். ஒப்பந்தக் கூலி. புருஷன் இல்லை, இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறாள். அட்டையில் இருந்த அந்த ஒரு வரி அறிக்கையில் ஏறியிருந்தால் மறுநாள் அவளுக்கு வாசல் மூடியிருக்கும். கேள்வி முறை கிடையாது. நர்ஸக்கா அட்டையில் இருந்த அந்த வரியை அடித்தாள். அறிக்கையில் எழுதினாள்: 'கட்டில் மாற்றம் குறித்து உதவிப் பணியாளர் வாய்மொழியாகத் தெரிவித்தார். அப்போது செவிலியர் ஆய்வகத்துடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஊசித் தட்டின் எண் மாற்றப்படவில்லை. வார்டு நோயாளிகளுக்குப் பெயர்ப்பட்டை கட்டும் வழக்கம் இல்லை.'

கடைசியில் அந்த நேரம் வந்தது. ஊசி போட்டதற்கும் கண்டுபிடித்ததற்கும் நடுவே இருந்த நேரம்.

"அவர் கூப்பிட்டுக்கிட்டே கிடந்திருக்காரு மேடம்."

"நீ கேட்டியா?"

"இல்லை."

"வேற யாராவது கேட்டாங்களா?"

"பக்கத்துக் கட்டில்காரரு தூங்கிட்டாராம்."

"அப்ப தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னு எழுது."

'ஆறரை மணி முதல் ஏழே முக்கால் வரை நோயாளி பார்க்கப்பட்டதாகப் பதிவு இல்லை. கண்டபோது வியர்த்திருந்தார். "யாரும் வரல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.'

அந்த மேற்கோளை மேடம் அடிக்கவில்லை. "காதால கேட்டது. இருக்கட்டும்" என்றாள்.

அதன் பிறகு என்ன செய்தார்கள், யார் யாருக்குச் சொன்னார்கள், இரண்டு நோயாளிகளும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேடம் அதற்கு ஓர் எண் கொடுத்துப் பாதுகாப்புக் குழுவுக்குப் போகும் காகிதக் கட்டோடு வைத்தாள்.

பூட்டுக்காரர் தேறினார். காலும் ஆறியது. ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "அன்னிக்கு நான் ஏதாவது உளறினேனாம்மா? என் மக சொல்ல மாட்டேங்கிறா" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லை ஐயா" என்றாள். அவரிடம் அவள் மறைத்தது அந்த ஒன்றைத்தான்.

மறைத்தது அவளிடமே தங்கிவிட்டது. அறிக்கையில் 'பதிவு இல்லை' என்று இருந்த இடத்தில் அவள் போய் உட்கார்ந்துகொண்டாள். காலியாக விட்ட அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருந்தாள். இப்போது வியர்க்க ஆரம்பித்திருக்கும். இப்போது கை நடுங்கியிருக்கும். இப்போது வாசலைப் பார்த்திருப்பார். நான் கடைசிக் கட்டில்பக்கம் நின்றுகொண்டிருந்தேன், நடந்தால் இருபது அடிதான். வீட்டில் குழாயில் தண்ணீர் சொட்டினால் திரும்பிப் பார்ப்பாள். யாரோ மெல்லக் கூப்பிடுகிறார்கள் என்பாள். ஈரத்துணி கையில் பட்டால் உதறிப் போட்டுவிடுவாள். புருஷன் துவைத்த சட்டைகளைக் கொடிப்பக்கம் அவரே கொண்டுபோக ஆரம்பித்தார்.

ஒருநாள் அவருக்குத் தலைவலி. மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து எதிரே நின்றவள், "உங்க பேர் சொல்லுங்க" என்றாள்.

"என்னடி இது, இத்தனை வருஷம் கழிச்சு? முதல்லயே கேட்டிருக்கலாமே, நானும் நல்ல பேரா ஒண்ணு யோசிச்சு வச்சிருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. மாத்திரையை நீட்டவும் இல்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தையல் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, நேராக உட்கார்ந்து, தன் பேரையும் அப்பா பேரையும் சேர்த்துச் சொன்னார். அப்புறம்தான் மாத்திரை கிடைத்தது.

இதற்கு நடுவில்தான் கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரிக்கே பெரியவர். அறிக்கை மேசைமேல் இருந்தது. அதை விரலால் தட்டினார்.

"என்னம்மா இது? நாலு பக்கம் இருக்கு, ஒரு பேர் இல்லை. தப்பு யாரோடதுன்னே தெரியலையே? கட்டிலை மாத்தினது அந்த ஆயாதானே? ஒப்பந்த ஆள்தானே? அனுப்பிட்டா முடிஞ்சுது."

"அவ எங்கிட்ட சொன்னா சார். அதுல இருக்கு."

"அப்ப நீங்க எழுதிக் கொடுங்க. ஒரே வரி. 'என் கவனக்குறைவால் நடந்தது, இனிமேல் நடக்காது.' அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கறேன்னும் சேர்த்து எழுதிடுங்க. ஒரு எச்சரிக்கையோட விட்டுடறேன். உங்க சர்வீஸுக்கு நான் அவ்வளவுகூடச் செய்யலைன்னா எப்படி?"

பேனாவை நீட்டினார். எந்த வரியை எழுத அவள் அவ்வளவு ஆசைப்பட்டாளோ, அதே வரி. கையில் வாங்கினாள். எழுதினால் திட்டு வாங்கிய மாதிரி ஆகிவிடும். குழாய் சொட்டுவது நின்றாலும் நின்றுவிடும்.

"எழுதிட்டா தட்டுல பேர் ஒட்டுவீங்களா சார்? எல்லாருக்கும் பட்டை கட்டுவீங்களா?"

அவர் சிரித்தார். "தப்பு உங்களோடதுன்னு நீங்களே எழுதின பிறகு தட்டை எதுக்கும்மா மாத்தணும்?"

பேனாவை மேசையில் வைத்துவிட்டாள்.

"'இனிமேல் நடக்காது'ன்னு நான் எப்படி சார் எழுதறது? நாளைக்கு நான் இருக்க மாட்டேன், வேற ஒருத்தி இருப்பா. அதே ஆறு இருக்கும். அதே தட்டு இருக்கும்."

"வாதம் பண்ணாதீங்க. அந்த ஆயா போகணும், இல்லை நீங்க எழுதணும். எனக்கு மேலிடத்துல காட்ட ஏதாவது வேணும். நாளைக்குச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் ஒரு பொத்தானைத் தைத்து முடித்து நூலைக் கடித்தார். "அவருக்கு ஒரு தலை வேணும். ஆயா தலை வேண்டாங்கிறே. உன் வாயால பொய் எழுத மாட்டேங்கிறே. வேற என்ன இருக்கு? அந்த அறிக்கையைத் திரும்ப வாங்கிக்காம வெளிய வந்துடு. உங்கிட்டயிருந்து வாங்கறதுக்கு அவங்களுக்கு அப்புறம் ஒண்ணும் இருக்காது. இங்க பொத்தான் தைக்க ஆள் வேணும். சம்பளம் கிடையாது."

மறுநாள் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தாள். நான் போகிறேன், அறிக்கையில் ஓர் எழுத்தையும் மாற்றவோ திரும்பப் பெறவோ மாட்டேன் என்று இருந்தது. கண்காணிப்பாளருக்கு அது போதும். ஒருத்தி போய்விட்டாள் என்று மேலிடத்தில் காட்டிக்கொள்ளலாம். ஆயாவின் பேரை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. தரப்பிரிவு மேடம் கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "குழு கூடும்போது நான் படிப்பேன். ஒட்டுவாங்களான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றாள்.

"தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றீங்க" என்றாள் நர்ஸக்கா.

கடைசி நாள் பகல் வேலையை அதே ஆண்கள் வார்டில் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேலை முடியும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஊசித் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் போனாள். பின்னால் ஆயா, கையில் பிளாஸ்திரி உருளை. கட்டிலருகே நின்று பேர் கேட்பாள், கோப்பில் பார்ப்பாள், அந்தக் கட்டிலுக்கான தட்டில் நம்பருக்கு மேல் அந்தப் பேரை எழுதி ஒட்டுவாள்.

"எதுக்கு சிஸ்டர் பேரெல்லாம்? கல்யாணப் பத்திரிகை அடிக்கவா?" என்றது பதினொன்று.

"சொல்லுங்க ஐயா. பேரைச் சொன்னாத்தான் நகருவேன்."

ஆயா பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாள். "நாளைக்கே பிச்சுப் போட்டுடுவாங்க அக்கா" என்று ஒருமுறை முணுமுணுத்தாள்.

"பிச்சா நீ திரும்ப ஒட்டு. யாரையாவது மாத்தினா, கத்திச் சொல்லு. போன்ல பேசிக்கிட்டிருந்தா, போனைப் பிடுங்கிட்டுச் சொல்லு. தலையாட்டினா நம்பாதே."

ஆறாம் கட்டிலுக்குக் கடைசியாக வந்தாள். அதில் இப்போது வேறு யாரோ, தாடி வைத்த ஓர் ஆள். அவருக்கு அந்த நேரத்தில் மருந்து எதுவும் இல்லை. இருந்தும் பக்கத்தில் போய் நின்றாள். அவர் பேரைக் கேட்டாள். சொன்னார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், வியர்வை இல்லை. சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தாள், ஈரம் இல்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லையே சிஸ்டர்" என்றார் அவர், பயந்துபோய்.

"ஒண்ணும் இல்லைதான். பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவருடைய கோப்பில், பார்த்த நேரத்தை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அதுதான் அவள் அங்கே கடைசியாக எழுதியது.

கைகழுவினாள். சட்டையில் தொங்கிய கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டாள். வார்டின் வாசலுக்கு வந்தபோது பின்னால் அந்தக் குரல் கேட்டது. யாரும் வரல. நின்றாள். திரும்பிப் பார்த்தாள். தாடிக்காரர் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார். ஆயா ஆறாம் கட்டில்பக்கம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிளாஸ்திரி உருளை கையில். நர்ஸக்கா எப்போதும் போலச் சத்தமில்லாமல் கதவைத் தள்ளினாள். ஆனால் அன்றைக்குச் சாத்தவில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே தெரியும்படி, வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே கேட்கும்படி, விரியத் திறந்து வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.